தோப்புல ஏறுறவர் விழுந்துட்டாரு, கிளைமுக்கு ஓனர் கடிதம் கேக்காவ. என்ன எழுத, எதை விட?

களக்காட்டுத் தோப்பு | 6 நவம்பர் 2023, இரவு 9.10

நம்ம தோப்பு களக்காட்டுக்கு மேக்க, கால்வாய் ஓரமா இருக்கு. 2ந்தேதி தேங்கா வெட்டு. ராத்திரி பூரா மழை, காலைல வெறிச்சிருந்துச்சு, சரி வெட்டிருவோம்னு ஆரம்பிச்சாச்சு. எப்பவும் வர்ற அண்ணன்தான், தளைக்கயிறு போட்டு ஏறுறவரு, வயசு அம்பதுக்குப் பக்கம். பத்தரை மணி இருக்கும், கால்வாய் ஓரத்து மூணாவது மரத்துல உச்சிக்குப் போயி கொண்டைக்குள்ள ஏறுறதுக்கு ஒரு மட்டையப் பிடிச்சாரு, மட்டை அடியோட கழண்டு கையோட வந்துட்டு. வரப்புச் சேத்துல ரெண்டு காலும் ஊனி விழுந்து அப்படியே உக்காந்துட்டாரு. இடது குதிகால் எலும்பு உடைஞ்சிருக்கு, முதுகுல ஒரு எலும்பு நசுங்கிருக்கு. ஆபரேஷன் வேண்டாமாம், பெல்ட் போட்டு படுக்கைலதான் இருக்கணும்னு சொல்லிட்டாவ.

தென்னை வளர்ச்சி வாரியம் மூலமா அவரு இன்சூரன்ஸ் கட்டிருக்காரு, அட்டைய பாத்தேன், அடுத்த ஜூலை வரைக்கும் இருக்கு. கிளைம் படிவத்தோட தோப்பு ஓனர் கைப்பட எழுதுன கடிதம் ஒண்ணு வேணும்னு அவரு மகன்ட்ட சொல்லிருக்காவ. பையன் நேத்து வந்து நிக்கான். வீட்டுல என்னடான்னா "நீங்க எதுக்கு கையெழுத்து போடணும், நாளைக்கு நம்ம தலையில விடிஞ்சா?"ங்கா. எனக்கு எழுதாம விட மனசு வரல, எழுதவும் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வள்ளியூர் சட்டத்தம்பி | 6 நவம்பர், இரவு 9.42

அண்ணே அவசரப்பட்டு எதுவும் எழுதாதீங்க. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, வேலை நேரத்துல அடிபட்டா முதலாளி குடுக்கணும். உங்க கேஸ்ல அவரு எப்பவாவது வர்ற கூலி ஆளு, நிரந்தர ஆளு கிடையாது, அதனால சட்டம் உங்களைத் தொடாது. ஆனா நீங்களே எழுதிக் குடுத்துட்டா ஒத்துக்கிட்ட கணக்குல ஆயிரும். அப்புறம் எஃப்ஐஆர் போட்டாச்சான்னு பாருங்க, எஃப்ஐஆர் இல்லாம எந்த இன்சூரன்ஸும் பைசா தராது.

கடையம் பெரியவர் | 7 நவம்பர், காலை 6.05

மரம் விழுந்தா கிளைம் உண்டு. தென்னை மரக் காப்பீடுன்னு தனியா இருக்கு. 4 வயசுல இருந்து 60 வயசு வரைக்கும் உள்ள மரத்துக்குத்தான். வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்க. புயல்ல சாஞ்ச மரத்த உடனே வெட்டி அப்புறப்படுத்திராதீங்க, ஆள் வந்து பாக்கணும்.

களக்காட்டுத் தோப்பு | 7 நவம்பர், காலை 7.30

பெரியவரே மரம் நிக்கி. மனுசன்தான் விழுந்தாரு.

கடையம் பெரியவர் | 7 நவம்பர், காலை 7.34

கண்ணாடி போடாம படிச்சிட்டேன். பாவம். எப்படி இருக்காரு?

பழைய கிளைம் ஆளு | 7 நவம்பர், மதியம் 1.20

தம்பி, நான் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளைம் சீட்டுல இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப பாளையங்கோட்டைல இருக்கேன். விபத்துக் கிளைம் ஃபைலு நிறையப் பாத்தாச்சு. பொறுமையா வாசி.

முதல்ல அந்த அட்டை எதுக்குன்னு புரிஞ்சுக்கோ. ‘கேர சுரக்ஷா’ன்னு வாரியம் நடத்துறது, தென்னை ஏறுற ஆளுக்கான விபத்துக் காப்பீடு. பிரீமியத்துல பெரும்பங்கு வாரியம் போடும், மிச்சம் ஏறுறவரு போடணும், வருசா வருசம் புதுப்பிக்கணும். 2011ல ஆரம்பிச்ச ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சி முடிச்ச ஆளுன்னா முதல் வருசம் வாரியமே கட்டிரும். நிறைய பேரு அந்த முதல் வருசத்தோட அட்டைய பொட்டில வச்சிட்டு மறந்துருவாவ, விழுந்த பிறகு எடுத்துப் பாத்தா காலாவதி ஆயிருக்கும். உன் ஆளு புதுப்பிச்சு வச்சிருக்காரு, அது பெரிய விசயம்.

இதுல பணம் குடுக்கப் போறது கம்பெனி, நீ இல்ல. உன் கடிதம் எதுக்குன்னா, விழுந்தது தென்னை மரத்துலருந்துதானா, அன்னைக்கு அங்க வேலை நடந்துச்சா, இந்த ரெண்டுக்கும் வெளியாளு ஒருத்தர் சாட்சி வேணும், அவ்வளவுதான். வீட்டுல சொல்லு, இது மன்னிப்புக் கடிதமும் இல்ல பொறுப்பேத்துக்குற பத்திரமும் இல்ல.

சட்டத்தம்பி சொன்னதுல பாதி சரி. முதலாளிக்குப் பொறுப்பு உண்டுங்கற சட்டம் நிசம். ஆனா எப்பவாவது வர்ற கூலிக்குப் பொருந்தாதுங்கற வாசகத்த 2000ல எடுத்துட்டாவ, அது பழைய புஸ்தகத்துல உள்ளது. அடுத்து, அந்தச் சட்டத்தோட அட்டவணைல எந்தெந்த வேலை வரும்னு ஒரு பட்டியல் இருக்கு. பனை சீவி பதனீர் இறக்குற வேலை அதுல பேரு போட்டே இருக்கு. தேங்கா வெட்டு அதுக்குள்ள வருமா வராதான்னு ரெண்டு வக்கீல்ட்ட கேட்டா மூணு பதில் வரும், அதுக்குள்ள நான் போகல. ஒண்ணு மட்டும் சொல்லுதேன், உனக்குப் பொறுப்பு இருந்தா நீ கடிதம் எழுதலேன்னாலும் இருக்கும், இல்லேன்னா எழுதுனாலும் வராது. அன்னைக்கு தோப்புல நின்ன நாலு பேரு வாய அடைக்க முடியுமா உன்னால?

எஃப்ஐஆர் பத்தி: ஆள் இறந்திருந்தா போலீஸ் தாளு, போஸ்ட்மார்ட்டம் எல்லாம் கட்டாயம் கேப்பாவ. காயத்துக்கு உயிர்நாடி ஆஸ்பத்திரித் தாளுதான். அதுல முதல் வரில என்ன எழுதிருக்குன்னு பாத்தியா? பாத்துட்டு வந்து சொல்லு, மிச்சத்த அப்புறம் பேசுவோம்.

களக்காட்டுத் தோப்பு | 7 நவம்பர், இரவு 10.15

அண்ணாச்சி நீங்க கேட்டது நல்லதாப் போச்சு. பையன்ட்ட டிஸ்சார்ஜ் தாளு வாங்கிப் பாத்தேன். இங்கிலீஷ்ல இருக்கு, அர்த்தம் என்னன்னா "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது". எனக்கு தலையே சுத்திட்டு.

விசாரிச்சா, அவரு மச்சினன்தான் சேர்க்கும்போது கூட நின்னுருக்காரு. மரத்துலருந்து விழுந்தாருன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆகும், தோப்புக்காரருக்கும் சங்கடம்னு அங்க நின்ன யாரோ சொல்லிருக்காவ, மனுசன் பயந்துபோயி வீட்டுல வழுக்கிட்டாருன்னு சொல்லிட்டாரு. எனக்கு நல்லது செய்யறதா நினைச்சு செஞ்சது. இப்ப நான் எழுதுறது ஒண்ணு, ஆஸ்பத்திரி சொல்லுறது ஒண்ணு.

அம்பை நர்ஸ் | 7 நவம்பர், இரவு 11.50

டூட்டி முடிஞ்சு இப்பதான் பாக்கேன். தோப்புலருந்து நேரா அந்த தனியார் ஆஸ்பத்திரிக்கா கொண்டு போனீங்க? யாரு கொண்டு போனது?

களக்காட்டுத் தோப்பு | 8 நவம்பர், காலை 6.40

இல்லக்கா. 108 கூப்பிட்டோம். கால்வாய்க் கரைல வண்டி வராது, ரோட்டு வரைக்கும் தூக்கணும். எங்க பம்புசெட்டு ரூம் கதவ கழட்டி அதுல படுக்க வச்சுதான் தூக்கினோம், உக்கார வைக்கவேண்டாம்னு போன்லயே சொல்லிட்டாவ. 108 அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோச்சு. அங்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தாவ, பாளைக்கு அனுப்பணும்னு சொல்லும்போது வீட்டு ஆளுங்க தனியாருக்கு மாத்திட்டாவ.

அம்பை நர்ஸ் | 8 நவம்பர், காலை 7.05

அப்ப கவலைய விடுங்க. கதவுல தூக்குனது ரொம்ப நல்ல காரியம், குதிகால் உடைஞ்சு வந்தாலே நாங்க முதுகையும் சேர்த்துத்தான் பாப்போம், கால் ஊனி விழுந்த அதிர்ச்சி நேரா முதுகெலும்புக்குத்தான் ஏறும். உக்கார வச்சு பைக்ல கொண்டுவந்து கால் மரத்துப்போன ஆளுகள எல்லாம் பாத்திருக்கேன்.

அரசு ஆஸ்பத்திரில வந்த உடனே ஏ.ஆர். போட்டிருப்பாங்க, விபத்துப் பதிவேடு. எத்தனை மணிக்கு வந்தாங்க, யாரு கூட்டிட்டு வந்தது, எங்க வச்சு எப்படி அடிபட்டுச்சு, நினைவு இருக்கா, சாராய வாடை இருக்கா, எல்லாம் கேட்டு எழுதுவோம். அதுக்கு ஒரு நம்பர் இருக்கும். அன்னைக்கு 108 ஆளுங்க என்ன சொன்னாங்களோ அதைத்தான் எழுதிருப்பாங்க. காப்பி வேணும்னு மனு எழுதிக் குடுத்தா குடுப்பாங்க, அடிபட்டவர் கையெழுத்தோட போங்க. கேஸ்ஷீட்ட விட இதுக்குத்தான் மதிப்பு, ஏன்னா இதுதான் முதல்ல எழுதுனது.

திசையன்விளை செல்வி | 8 நவம்பர், காலை 9.20

எங்க அப்பா பனையேறி. நான் பத்தாப்பு படிக்கும்போது விழுந்தாங்க. அப்ப எங்களுக்கு யாரும் இப்படி சொல்லித் தரல. மரத்தோட ஓனரு ஊர்ல இல்ல, மரத்த பாட்டத்துக்கு எடுத்தவரு "என் மரத்துல ஏறவே இல்ல"ன்னு சாதிச்சிட்டாரு. கடைசில பனைத் தொழிலாளர் நல வாரியத்துல அப்பா பதிவு பண்ணி வச்சிருந்ததால கொஞ்சம் வந்துச்சு, அதுவும் எங்கம்மா தாலுகா ஆபீஸ் வாசல்ல உக்காந்து உக்காந்து. அண்ணே நீங்க எழுதிக் குடுங்க. அம்புட்டுதான் சொல்ல வந்தேன்.

உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை அவரு வச்சிருக்காரான்னும் கேளுங்க. நிலமில்லாத கூலிகளுக்கும் உண்டு, சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார்ட்ட மனு போகும். கை கால் போனாதான் அதுல பெருசா வரும், இருந்தாலும் கேட்டு வைங்க.

வள்ளியூர் சட்டத்தம்பி | 8 நவம்பர், காலை 10.00

2000 திருத்தம் நான் பாக்கல, அண்ணாச்சி சொன்னது சரிதான், இப்ப தேடிப் பாத்தேன். ஆனா ஒண்ணு. அவரு தளைக்கயிறு போட்டு ஏறுனாரு. வாரியம் பயிற்சி குடுக்குறது மெஷின்ல. மெஷின் இல்லாம ஏறுனா கிளைம் தள்ளிருவாங்கன்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு இருக்கு.

பழைய கிளைம் ஆளு | 8 நவம்பர், மதியம் 2.45

பேச்சு இருக்கும்டே. பாலிசித் தாள்ல அப்படி ஒரு வரி இருந்தா காட்டச் சொல்லு, எழுத்துல இருந்தாத்தான் விதி. கயிறா மெஷினான்னு கேட்டா உள்ளது கயிறுன்னு சொல்லணும், மெஷின்ல ஏறுனாருன்னு மாத்தி எழுதுனியோ மொத்த ஃபைலும் சந்தேகத்துல போயிரும். சாராயம் குடிச்சிருந்தா மட்டும் எந்த விபத்துப் பாலிசிலயும் ஓட்டை உண்டு, அதுக்குத்தான் நர்சம்மா சொன்ன ஏ.ஆர். ரொம்ப முக்கியம்.

தம்பி, ரெண்டு வேலை பாரு. ஏ.ஆர். காப்பி வாங்கு. தனியார் ஆஸ்பத்திரில போயி தாள அடிச்சுத் திருத்தச் சொல்லாத, அவங்களும் செய்யமாட்டாவ, செஞ்சா இன்னும் வம்பு. சேர்க்கும்போது உறவினர் பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டார், நோயாளியே சொன்ன வரலாறு இதுன்னு டாக்டர் தனியா லெட்டர்பேடுல ஒரு கடிதம் தருவாரான்னு கேளு. மச்சினனும் தான் ஏன் அப்படிச் சொன்னேன்னு ஒரு பக்கம் எழுதி கையெழுத்து போடட்டும். மூணு தாளும் சேர்ந்தா முரண்பாடு முரண்பாடாத் தெரியாது, விளக்கமாத் தெரியும். மறைச்சாதான் மாட்டும்.

களக்காட்டுத் தோப்பு | 13 நவம்பர், இரவு 8.30

தீபாவளி அலைச்சல்ல வர முடியல. ஏ.ஆர். காப்பி கிடைச்சிட்டு. "தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்ததாக, சுமார் 30 அடி, 108 மூலம்" அப்படின்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல. வாடை இல்லைன்னும் போட்டிருக்கு. நேரம் 11.35.

தனியார் டாக்டர் முதல்ல மூஞ்சியத் திருப்புனாரு, ஏ.ஆர். காப்பிய காட்டுன பிறகு லெட்டர்பேடுல எழுதித் தந்துட்டாரு. ஒரு வேலை முடிஞ்சுது.

இப்ப உயரப் பிரச்சினை. ஏ.ஆர்.ல 30. தேங்கா பொறுக்க வந்த சித்தப்பா அம்பது அடின்னு சத்தியம் பண்ணுதாரு. மச்சினன் இருபதுங்காரு, அவரு அங்க இல்லவே இல்ல. நான் நாப்பது இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன்.

பழைய கிளைம் ஆளு | 13 நவம்பர், இரவு 9.15

அளந்துரு. மரத்தோட மொத்த உயரம் வேற, அவரு கை விட்ட இடம் வேற. ரெண்டையும் தனித்தனியா எழுதணும். எல்லாரும் மர உயரத்தைத்தான் விழுந்த உயரமாச் சொல்லுவாவ, அதான் ஆளுக்கு ஒரு கணக்கா வருது.

களக்காட்டுத் தோப்பு | 14 நவம்பர், மாலை 6.20

அளந்தாச்சு. தொரட்டிக் கம்பு ரெண்ட சேர்த்துக் கட்டி, நுனில டேப்போட முனைய இறுக்கி, மரத்தோட ஒட்டினாப்ல மேல தூக்கிப் பிடிச்சோம். அந்த மட்டை கழண்ட இடம் கீழருந்தே தெரியுது, சுத்தி எல்லாம் பச்சையா இருக்க ஒரு இடம் மட்டும் பல்லு விழுந்த மாதிரி ஓட்டையா. அது வரைக்கும் 31 அடி. அவரு கை எட்டிப் பிடிச்ச இடம் அது, காலு இருந்தது அதுக்குக் கீழ அஞ்சு அடி இருக்கும். மர உச்சி எப்படியும் நாப்பதத் தாண்டும்.

மட்டையும் இருக்கு, விறகுக்கு எடுத்துட்டுப் போகாம பம்புசெட்டுல வச்சிருக்கேன். அடிப்பாகம் கறுத்து மெத்துனு இருக்கு. விரல் நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை, அதுல நாறு நாறா சக்கை. மேல மட்டும் பச்சை மாறாம அப்படியே இருக்கு, பாத்தா யாரும் நம்பித்தான் பிடிப்பாவ.

கடையம் பெரியவர் | 14 நவம்பர், இரவு 7.00

இப்ப கண்ணாடி போட்டிருக்கேன். அது காண்டாமிருக வண்டு. குருத்துக்குப் பக்கத்துல மட்டை அடியக் குடைஞ்சு உள்ள போகும், சக்கைய வெளிய தள்ளும். அந்த வழியா மழைத் தண்ணி இறங்கினா அழுகிரும். உங்க மரத்துல ஓலைய கீழருந்து பாருங்க, கத்தரியால வெட்டுன மாதிரி முக்கோணமா வெட்டு விழுந்திருக்கும். அப்படி வெட்டு உள்ள மரத்துல மழை நேரத்துல ஏறச் சொல்லக்கூடாது, ஏறுனாலும் ஒவ்வொரு மட்டையவும் குலுக்கிப் பாத்துத்தான் எடை போடணும். வேப்பம்புண்ணாக்கு ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து குருத்துப் பக்கத்து மட்டை இடுக்குல போடுங்க. எருக்குழிய மூடி வைங்க, வண்டு பெருகுறதே அங்கதான்.

களக்காட்டுத் தோப்பு | 14 நவம்பர், இரவு 7.25

முக்கோண வெட்டு இருக்கு பெரியவரே. அந்த வரிசைல நாலஞ்சு மரத்துல இருக்கு. ஒண்ணும் இல்லாத மரத்துல மட்டும் ஏறுங்கன்னு யாரு பாத்துச் சொல்ல? அவரும் இத்தனை வருசமா ஏறுறவருதானே. இதை நினைச்சு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு.

வள்ளியூர் சட்டத்தம்பி | 14 நவம்பர், இரவு 7.50

அண்ணே வண்டு விசயத்த கடிதத்துல எழுதிராதீங்க. மரத்த பராமரிக்கலேன்னு உங்க மேலயே திருப்புவாங்க.

திசையன்விளை செல்வி | 14 நவம்பர், இரவு 8.05

எழுதாட்டி மட்டும் வண்டு ஓடிருமா?

பழைய கிளைம் ஆளு | 14 நவம்பர், இரவு 9.40

ரெண்டு பேரும் நிறுத்துங்க. கண்ணால பாத்தத எழுதணும், காரணம் கண்டுபிடிக்கறது நம்ம வேலை இல்ல. "பிடித்த மட்டை அடியோடு கழன்றது" இது அவன் பாத்தது. வண்டா அழுகலா வேற நோயாங்கறது பூச்சி தெரிஞ்சவரு சொல்ல வேண்டியது. விசாரிக்க வர்றவரு கேட்டா மட்டைய எடுத்துக் காட்டட்டும், ஒளிக்க வேண்டாம். கேக்காமலே வாக்குமூலம் மாதிரி அடுக்கவும் வேண்டாம். நீ எழுதுனத இங்க போடு தம்பி, பாத்துச் சொல்லுதேன்.

களக்காட்டுத் தோப்பு | 15 நவம்பர், காலை 6.15

ராத்திரி உக்காந்து எழுதுனது:

"மேற்படி நபர் என்னிடம் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் நேர்மையான தொழிலாளி. அவர் குடிப்பழக்கம் இல்லாதவர். 02.11.2023 அன்று எனது தோப்பில் சுமார் 40 அடி உயரத்தில் இருந்து துரதிர்ஷ்டவசமாகத் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இதில் என்னுடைய கவனக்குறைவு எதுவும் இல்லை. அவருடைய ஏழ்மை நிலையைக் கருதி உதவி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பழைய கிளைம் ஆளு | 15 நவம்பர், காலை 10.30

மனு எழுதிருக்க, அறிக்கை எழுதல. ஏழ்மை எதுக்கு? பாலிசி இருக்கு, கேக்க உரிமை இருக்கு. குடிப்பழக்கம் பத்தி டாக்டர் எழுதியாச்சு, நீ எழுதுனா "ஏன் இவரு இதைச் சொல்லுதாரு"ன்னுதான் தோணும். "கவனக்குறைவு இல்லை" வரியும் அப்படித்தான், கேக்காத கேள்விக்குப் பதில். முதுகெலும்பு முறிஞ்சதுன்னு நீ எப்படிச் சொல்லுவ, நீ பாத்தது எழும்ப முடியல, வலின்னு சொன்னாரு. நாப்பது அடி, நீயே 31ன்னு அளந்துட்ட.

"பணிபுரியும்" மட்டும் யோசி. நீ கூப்பிட்டு வந்தாரா, தேங்கா எடுக்குற வியாபாரி கூட்டிட்டு வந்தாரா?

களக்காட்டுத் தோப்பு | 15 நவம்பர், மதியம் 12.10

நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். மரத்துக்கு இவ்வளவுன்னு நான்தான் கூலி குடுப்பேன். வியாபாரி களத்துல வந்து காய் எடுத்துட்டுப் போறதோட சரி.

பழைய கிளைம் ஆளு | 15 நவம்பர், மதியம் 12.50

அப்ப அப்படியே எழுது. வியாபாரி ஆளுன்னு மாத்தச் சொல்லி யாராவது யோசனை சொல்லுவாவ, கேக்காத. மாத்தி எழுதித் தாரேன், பாரு:

"களக்காடு அருகில் உள்ள எனது தென்னந்தோப்பில் (சர்வே எண் ___) 02.11.2023 அன்று காலை தேங்காய் வெட்டு நடந்தது. வெட்டுக்காக நான் அழைத்ததன் பேரில் திரு. ___ (காப்பீட்டு அட்டை எண் ___) வந்திருந்தார். மரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பேசியிருந்தேன். காலை சுமார் 10.30 மணிக்கு, கால்வாய் ஓர வரிசையில் மூன்றாவது மரத்தில் தளைக்கயிறு போட்டு ஏறி, கொண்டைக்குள் செல்வதற்காக அவர் பிடித்த மட்டை அடியோடு கழன்றதால் கீழே வரப்பில் விழுந்தார். மட்டை இருந்த இடம் தரையிலிருந்து 31 அடி என்று பின்னர் அளந்து பார்த்தேன். அப்போது நான் சுமார் ___ அடி தூரத்தில் நின்று நேரில் பார்த்தேன். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பிலும் இடது காலிலும் வலி என்று சொன்னார். 108 ஆம்புலன்ஸில் ___ அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். உடன் பார்த்தவர்கள்: ___, ___."

அதோட நிறுத்திரு. தேதி, கையெழுத்து, போன் நம்பர், பட்டா நகல் ஒண்ணு. சித்தப்பாவும் தனியா எழுதட்டும், ஆனா உன் கடிதத்தப் பாத்து வரிக்கு வரி எழுத விடாத. ரெண்டு பேரு கடிதமும் கமா முதக்கொண்டு ஒண்ணா இருந்தா நாங்க சிரிப்போம். அவரு அம்பது அடின்னா அம்பதுன்னே இருக்கட்டும், "எனக்குத் தோன்றியது"ன்னு போட்டாப் போதும்.

அம்பை நர்ஸ் | 15 நவம்பர், மாலை 4.00

நேரம் சரியா பொருந்துதான்னும் பாருங்க. 10.30க்கு விழுந்து 11.35க்கு ஏ.ஆர். தூக்கிட்டு ரோட்டுக்கு வந்த நேரத்தச் சேர்த்தா சரியாத்தான் வருது. 108க்கு அடிச்ச நேரம் உங்க போன்லயே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. மாசம் கழிஞ்சா காணாமப் போயிரும்.

களக்காட்டுத் தோப்பு | 15 நவம்பர், மாலை 4.25

10.41. எடுத்து வச்சிட்டேன் யக்கா.

களக்காட்டுத் தோப்பு | 9 டிசம்பர், இரவு 9.00

விசாரிக்க ஆளு வந்துட்டுப் போனாரு. டவுன்லருந்து பைக்ல வந்தாரு, இளவட்டம். மரத்தப் பாத்தாரு, போட்டோ எடுத்தாரு. கழண்ட இடத்த அண்ணாந்து பாத்துட்டு அவரே தொரட்டியப் பிடிச்சு அளக்கப் போயி கண்ணுல தூசி விழுந்து பத்து நிமிசம் உக்காந்துட்டாரு. மட்டைய எடுத்து வச்சிருக்கேன்னதும் ஆச்சரியப்பட்டாரு. ஓட்டையப் பாத்து "இது என்ன"ன்னாரு, "வண்டுன்னு பெரியவங்க சொல்லுதாவ, எனக்குத் தெரிஞ்சது மட்டை கழண்டதுதான்"னேன். எழுதிக்கிட்டாரு.

வீட்டில் வழுக்கி விழுந்த கதையத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. மச்சினன் வந்து நேரா நின்னு, "பயத்துல சொன்னேன் சார்"னாரு. ஏ.ஆர். காப்பியும் டாக்டர் லெட்டரும் காட்டுன பிறகு அந்தப் பேச்ச விட்டுட்டாரு. தளைக்கயிறு பத்தி ஒரு வார்த்தை கேக்கல. சித்தப்பா அம்பது அடின்னு அவருட்டயும் சொல்லிட்டாரு.

ஏறுறவரு இப்ப பெல்ட்டோட எழும்பி உக்காருதாரு. தோப்புல அடுத்த வெட்டுக்கு யாரு வர்றாங்கறதுதான் அவருக்குப் பெரிய கவலை.

வள்ளியூர் சட்டத்தம்பி | 9 டிசம்பர், இரவு 9.30

சந்தோசம் அண்ணே. ஆனா இழப்பீட்டுச் சட்டத்துல கமிஷனர்ட்ட மனு போட அவங்களுக்கு ரெண்டு வருசம் டைம் இருக்கு, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

களக்காட்டுத் தோப்பு | 9 டிசம்பர், இரவு 9.38

போட்டா போடட்டும் தம்பி. இன்சூரன்ஸ் காசு வர்றதுக்குள்ள வீட்டுச் செலவுக்கு நான் குடுத்துட்டுத்தான் இருக்கேன். வீட்டுக்காரிக்குத் தெரியும், ஒண்ணும் சொல்லல.

களக்காட்டுத் தோப்பு | 6 பிப்ரவரி 2024, இரவு 8.10

பணம் வந்துட்டு, முழுசா இல்ல. ஆஸ்பத்திரிச் செலவுல மருந்து பில்லு ரெண்டு வெட்டிட்டாவ, முதுகு பெல்ட்டு வாங்குன பில்லும் போச்சு. வேலைக்குப் போகாத வாரங்களுக்குத் தர்ற தொகை இன்னும் வரல, ‘பரிசீலனையில்’னு மட்டும் சொல்லுதாவ.

பழைய கிளைம் ஆளு | 6 பிப்ரவரி, இரவு 9.05

வெட்டுன பில்லுல நோயாளி பேரும் டாக்டர் சீட்டும் இருக்கான்னு பாரு. பேரு இல்லாம மெடிக்கல்ல வாங்குன ரொக்க பில்லுன்னா வெட்டத்தான் செய்வாவ. பெல்ட்டு அப்படி இல்ல, டிஸ்சார்ஜ் தாள்லயே டாக்டர் போடச் சொல்லி எழுதிருந்தா கேக்கலாம். எந்த விதிப்படி கழிச்சீங்கன்னு எழுத்துல கேக்கச் சொல்லு, போன்ல பேசிட்டு விட்டுராதீங்க.

வாரக் காசுக்கு, எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும் வேலை செய்ய முடியாதுன்னு டாக்டர் சான்று குடுத்தீங்களா? "ஓய்வு தேவை"ன்னு பொதுவா இருந்தா கணக்குப் போட முடியாம ஃபைல ஓரமா வச்சிருவாவ.

களக்காட்டுத் தோப்பு | 6 பிப்ரவரி, இரவு 9.20

"ஓய்வு தேவை"ன்னுதான் இருக்கு அண்ணாச்சி. பெல்ட்டு டிஸ்சார்ஜ் தாள்ல எழுதிருக்கு. நாளைக்கு பையனக் கூட்டிட்டு டாக்டர்ட்ட போறேன், தேதி போட்டு வாங்கிட்டு ரெண்டையும் ஒரே தபால்ல அனுப்பிருதோம், ரிஜிஸ்டர் போஸ்ட்ல.